ஒன்றுமே கற்றுத்தராத படிப்புக்கு ஏன் கூடுதல் சம்பளம்? சிக்னலிங் கணக்கில் ஒரு சந்தேகம்

தேர்வுக்காய்ச்சல்

பொருளாதார அறிஞர் ஸ்பென்ஸ் 1973-இல் எழுதிய வேலைச் சந்தை சிக்னலிங் மாதிரியில், அதாவது வேலை தேடுபவர் தன் திறனைப் படிப்பால் நிறுவனத்துக்குக் காட்டிக்கொள்ளும் கணக்கில், மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அதற்காக அவருக்கு 2001-இல் அகெர்லாஃப், ஸ்டிக்லிட்ஸ் இருவரோடும் சேர்த்து நோபல் கொடுத்தார்கள் என்பது வரைக்கும் பாடம் சுகமாகப் போகிறது, கணக்கு வந்ததும் நின்றுவிட்டேன்.

கணக்கு இதுதான். வேலை தேடுபவர்கள் இரண்டு வகை. திறன் கூடியவரால் நிறுவனத்துக்கு மொத்தமாக 100 வருமானம், குறைந்தவரால் 60. அவரவர் வகை அவரவருக்குத் தெரியும், நிறுவனத்துக்குத் தெரியாது. ஆட்களுக்காக நிறுவனங்கள் போட்டி போடுவதால், ஒருவரால் எவ்வளவு வருமானம் வரும் என்று நினைக்கிறார்களோ அதையே சம்பளமாகக் கொடுத்துவிடுவார்கள். ஒரு வருடம் படிக்க முதல் வகைக்கு 10 செலவு, இரண்டாம் வகைக்கு 20. படிப்பு யாருடைய திறனையும் துளிகூடக் கூட்டாது. விடை என்று போட்டிருப்பது: இத்தனை வருடம் படித்தவருக்கு 100, அதற்குக் கீழே 60 என்று நிறுவனம் 2 வருடத்திலிருந்து 4 வருடம் வரை எங்கே கோடு போட்டாலும் சமநிலை.

திறனைக் கூட்டாத படிப்புக்கு ஒரு நிறுவனம் 40 அதிகமாக ஏன் கொடுக்கிறது? 60 வகை ஆளும் படித்துவிட்டு வந்து 100 கேட்டால் யார் தடுப்பது?

நேர்கோடு

இதில் குழம்ப என்ன இருக்கிறது? படிப்பு கஷ்டம். கஷ்டப்பட்டு முடித்தவன் ஏதோ ஒரு சரக்குள்ளவன் என்று நிறுவனம் எடுத்துக்கொள்கிறது. சிக்னல் என்றாலே செலவு பிடிக்க வேண்டும், சும்மா வாயால் "நான் கெட்டிக்காரன்" என்று சொன்னால் எவன் நம்புவான்? செலவு அதிகமாக ஆக சிக்னலும் பலமாகும், அவ்வளவுதான்.

ஓரச்செலவு

நேர்கோடு சொல்வதில் பாதி சரி. வாய்ப்பேச்சு எடுபடாது, செலவு வேண்டும், அதுவரை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெறும் செலவு எதையும் பிரிக்காது. இரண்டு வகைக்கும் வருடத்துக்கு 20 என்று வைத்துப் பாருங்கள். கோடு ஒன்றரை வருடத்தில் இருந்தால் 100-இல் 30 போக 70 மிச்சம், சும்மா இருந்தால் 60, ஆகவே இரண்டு வகையும் படிக்கும். கோடு மூன்று வருடத்தில் இருந்தால் 100-இல் 60 போக 40 மிச்சம், ஆகவே இரண்டு வகையும் படிக்காது. செலவை எவ்வளவு ஏற்றினாலும் எல்லாரும் உள்ளே அல்லது எல்லாரும் வெளியே. ஒருவருக்கு அந்தச் செலவு குறைவாகவும் இன்னொருவருக்கு அதிகமாகவும் இருந்தால்தான் கோடு ஆளைப் பிரிக்கும். மாதிரியின் உயிர் அந்த 10-க்கும் 20-க்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் இருக்கிறது.

இனி உங்கள் கணக்கு. படிக்கும் வருடங்களை e என்று வைத்துக்கொண்டால் இரண்டே நிபந்தனை:

```
100 - 20e ≤ 60   →  e ≥ 2
100 - 10e ≥ 60   →  e ≤ 4
```

முதல் வரி 60 வகை ஆளின் கணக்கு. படித்து 100 வாங்கினாலும் கையில் நிற்பது, படிக்காமல் வாங்கும் 60-ஐத் தாண்டக்கூடாது. சரியாக 2 வருடத்தில் இரண்டும் சமம், அப்போது அவர் வெளியே நிற்பதாக எடுத்துக்கொள்வது வழக்கம். அவரை யாரும் தடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வாசல் திறந்துதான் இருக்கிறது, கட்டுப்படியாகாததால் அவரே வருவதில்லை. இரண்டாவது வரி 100 வகை ஆளின் கணக்கு, அவருக்கு இன்னும் கட்டுப்படியாக வேண்டும்.

உங்கள் முதல் கேள்விக்கும் இதிலேயே பதில் வந்துவிடுகிறது. நிறுவனம் அந்த 40-ஐப் படிப்புக்காகக் கொடுக்கவில்லை. அந்தச் செலவுக்கு யார் துணிந்து வருவார் என்பது தெரிவதால், வந்தவருக்கு அவருடைய 100-ஐக் கொடுக்கிறது. வேலைக்கு எடுத்த பின் பார்த்தால் படித்தவர் உண்மையிலேயே 100, படிக்காதவர் உண்மையிலேயே 60. நிறுவனத்தின் நம்பிக்கை பொய்க்கவில்லை, அதனால் மாற்றிக்கொள்ளக் காரணமும் இல்லை. இரண்டு பக்கமும் இப்படி ஒன்றையொன்று தாங்கி நிற்பதைத்தான் சமநிலை என்கிறோம்.

கரும்பலகை

வகுப்பறையில் ஆயுசில் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது அநியாயம். கல்லூரியில் ஒன்றுமே கற்பதில்லை என்று ஒருவர் எழுதிவைப்பார், அதற்கு நோபலும் கொடுப்பார்களா? சரியாகக் கூட்டத் தெரியாமல் வந்து கணக்கெழுதும் அளவுக்குத் தேறிப்போன பிள்ளைகள் எத்தனை பேர்! படிக்காதவர் என்றாலே திறன் குறைந்தவர் என்று முத்திரை குத்துவதும் எனக்குச் சரியாகப்படவில்லை.

ஓரச்செலவு

அய்யா, அவர் அப்படி எழுதவில்லை. கல்வி திறனைக் கூட்டவே கூட்டாது என்பது கணக்குக்காக வைத்துக்கொண்ட எல்லைதான். அப்படி வைத்த பின்னும் படித்தவருக்குக் கூடுதல் சம்பளம் வந்துவிடுகிறது என்பதே அதில் வியப்பு. ஒவ்வொரு வருடப் படிப்பும் திறனைக் கொஞ்சம் கூட்டுவதாக வைத்தாலும் பிரிவு நடக்கும். அப்போது சம்பள வித்தியாசத்தில் கற்றதற்கு எவ்வளவு, காட்டிக்கொண்டதற்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது கடினமாகும், அவ்வளவே.

தேர்வுக்காய்ச்சல்

2 வருடம் ஏன் என்பது இப்போது தெளிவு. ஆனால் 3, 4 எல்லாம் எப்படிச் சமநிலை? 2 வருடமே 60 வகையை விலக்கப் போதும் என்றால், மூன்று வருடம் கேட்கிற நிறுவனம் சும்மா வதைக்கிறதா?

ஓரச்செலவு

வதைதான். ஆனால் அதிலிருந்து தனியாக யாராலும் வெளியேற முடியாத வதை. எல்லா நிறுவனங்களும் "மூன்று வருடத்துக்குக் கீழே எல்லாரும் 60" என்று நம்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். 100 வகை ஆள் இரண்டரை வருடத்தில் நிறுத்திக்கொண்டால் அவருக்கும் 60தான். அதனால் இரண்டரை வருடத்தோடு ஒருவரும் வருவதில்லை, யாரும் வராததால் அந்த நம்பிக்கை தவறு என்று காட்டவும் வழியில்லை. ஸ்பென்ஸின் மாதிரி இந்த இடத்தில் கை விரித்துவிடும், எண்ணற்ற சமநிலைகள் வரும்.

இதை நெருக்கியது 1987-இல் சோ, கிரெப்ஸ் இருவரும் எழுதிய கட்டுரை. இரண்டரை வருடம் படித்தவர் நிறுவனத்திடம் போய் இப்படி வாதாடுவதாக நினைத்துப் பாருங்கள்: "நான் 60 வகையாக இருந்திருந்தால் இதற்கு எனக்கு 50 செலவாகியிருக்கும். நீங்கள் என்னை நம்பி 100 கொடுத்தாலும் கையில் 50தான் நிற்கும், பேசாமல் வீட்டில் இருந்திருந்தால் 60 கிடைத்திருக்கும். அப்படிப்பட்ட ஆள் எந்தக் கனவிலும் இரண்டரை வருடம் படித்திருக்க மாட்டார், ஆகவே நான் 100 வகைதான்." நிறுவனத்தால் மறுக்க முடியாத வாதம். இதை ஏற்றுக்கொண்டால் மூன்று வருடக் கோடு கரையும், இரண்டரையும் கரையும், கடைசியில் 2 வருடத்தில் வந்து நிற்கும். 100 வகை ஆள் கையில் 80.

நிஜத்தில் ஆட்கள் இவ்வளவு யோசிப்பார்களா என்று கேட்டால், எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. பரீட்சைக்கு இது போதும்.

நேர்முகம்

ஆள் எடுக்கிற பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. விண்ணப்பக் குவியலில் முதல் வெட்டு பட்டம் உண்டா இல்லையா என்பதுதான், மறைப்பதற்கில்லை. ஆனால் எனக்குப் புரியாதது, ஆளைப் பிரிக்க இரண்டு வருடம் எதற்கு? ஒரு நாள் தேர்வு வைத்தால் முடிந்தது. அதுவும் போதாவிட்டால் சேர்த்துக்கொண்டு ஆறு மாதம் பார்த்தால் தெரிந்துவிடுகிறது.

நேர்கோடு

அதானே! தேர்வு வைத்தால் கல்லூரிச் செலவே மிச்சம்.

ஓரச்செலவு

ஒரு நாள் தேர்வு உண்மையிலேயே பிரித்தால் அதுவே சிக்னலாகிவிடும், மாதிரிக்கு அதில் ஆட்சேபணை இல்லை. படிப்பு என்பது அதில் வெறும் பெயர்தான். கேள்வி, அந்தத் தேர்வில் 60 வகை ஆளுக்குச் செலவு எவ்வளவு என்பது. ஒரு மாதம் மனப்பாடம் செய்து தேறிவிடலாம் என்றால், 40 கிடைக்கிற இடத்தில் அவரும் உட்கார்ந்து மனப்பாடம் செய்வார். நேர்முகம் தேடுவது புத்தி மட்டும் என்றால் தேர்வு போதலாம். சலிப்பான வேலையை வருடக்கணக்கில் விடாமல் செய்வாரா என்பதையும் தேடினால், அதை ஒரு நாளில் எப்படிக் காட்டச் சொல்வீர்கள்? ஆறு மாத விஷயம் வேறு, அது கனமான ஆட்சேபணை, பிறகு வருகிறேன்.

தேர்வுக்காய்ச்சல்

இன்னொன்று உறுத்துகிறது. 100 வகை ஆட்கள்தான் பத்தில் ஒன்பது பேர் என்று வைத்துக்கொள்வோம். யாரும் படிக்காமல் எல்லாருக்கும் சராசரி கொடுத்தால் ஆளுக்கு 96. பிரித்தால் 100 வகைக்கு 80, மற்றவருக்கு 60. இரண்டு பேருக்குமே நஷ்டம்! பத்தில் ஒருவரை அடையாளம் காண மற்ற ஒன்பது பேரும் இரண்டு வருடம் கொடுக்கிறார்கள். எல்லாரும் பேசாமல் 96 வாங்கிக்கொண்டு இருக்கலாமே, ஏன் இருக்க மாட்டார்கள்?

ஓரச்செலவு

இந்தத் தலைப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

எல்லாரும் 96-இல் நிம்மதியாக இருக்கிறார்கள். 100 வகையில் ஒருவருக்கு மட்டும் தன் மதிப்பில் 4 குறைவாக வருகிறதே என்ற அரிப்பு. அவர் நாலு மாதத்துக்கும் குறைவான ஒரு சின்னப் படிப்பு படிக்கிறார், 0.3 வருடம் என்று வையுங்கள். அவருக்குச் செலவு 3. நிறுவனத்திடம் போய், "60 வகை ஆளுக்கு இது 6 செலவு, நீங்கள் 100 கொடுத்தாலும் அவருக்கு 94தான் மிஞ்சும், சும்மா இருந்தால் 96. ஆகவே இதைப் படிக்கிறவர் என் வகைதான்" என்கிறார். வாதம் பிசிறில்லை. 100 கொடுத்து எடுக்கிறார்கள், அவர் கையில் 97. ஒன்றைக் கூட்டிக்கொண்டார்.

இதைப் பார்த்து மற்ற 100 வகை ஆட்களும் அதே படிப்புக்குப் போகிறார்கள். அவர்கள் போகப் போக, படிக்காமல் மிஞ்சி நிற்கும் கூட்டத்தின் சராசரி 96-இலிருந்து சரிகிறது. கடைசியில் அங்கே 60 வகை ஆட்கள் மட்டும். இப்போது அவர்கள் கணக்கு மாறிவிட்டது பாருங்கள். முன்பு சும்மா இருந்தால் 96, இப்போது 60. ஆறு செலவழித்து 94 வாங்குவது இப்போது லாபம். அவர்களும் சின்னப் படிப்புக்கு வருகிறார்கள், அந்தப் படிப்பு செல்லாக்காசாகிறது. 100 வகை ஆட்கள் இன்னும் கொஞ்சம் மேலே போகிறார்கள், இவர்களும் துரத்துகிறார்கள். துரத்தினால் 60-க்கு மேல் மிஞ்சாது என்கிற இடத்தில்தான் துரத்தல் நிற்கும். அந்த இடம் 2 வருடம். 97 ஆசைப்பட்டுத் தொடங்கியவர் 80-இல் வந்து நிற்கிறார், தொடக்கத்தில் அவரிடம் 96 இருந்தது.

இந்த வரிசையை அப்படியே ஸ்பென்ஸ் எழுதியதாக நினைக்க வேண்டாம், மாதிரியில் காலமே கிடையாது. ஏன் 96-இல் நிற்க முடியாது என்பதைக் காட்ட நான் கதையாக்கினேன். இன்னொன்றும் கவனியுங்கள்: 2 என்ற அந்த எண்ணில் 60 வகை ஆட்கள் எத்தனை பேர் என்பது வரவே இல்லை. ஆயிரத்தில் ஒருவர் இருந்தாலும் மற்ற 999 பேருக்கும் அதே இரண்டு வருடம். மாதிரியின் அழகு என்பார் சிலர், கோளாறு என்பார் சிலர். நான் இரண்டாவது கட்சி.

நேர்கோடு

அப்போ தீர்வு சுலபம். படிப்பைச் சுலபமாக்கி, செலவைப் பாதியாக்கிவிட்டால் இந்த விரயம் பாதியாகிவிடும்.

ஓரச்செலவு

ஆகாது. 20 என்பதை 10 ஆக்கி, 10 என்பதை 5 ஆக்குங்கள். 60 வகையை விலக்க இப்போது 4 வருடம் தேவை. 100 வகைக்கு வருடத்துக்கு 5 வீதம் 4 வருடம், மறுபடி அதே 20. படிப்பின் நீளம் இரட்டிப்பானது, விரயத்தில் ஒரு பைசா குறையவில்லை. முன்பு பட்டம் கேட்ட வேலைக்கு இப்போது மேற்பட்டம் கேட்கிறார்கள் என்று புலம்பும்போது இந்தக் கணக்கு எனக்கு ஞாபகம் வரும்.

ஆனால் இருவருக்கும் ஒரே அளவாக உள்ள செலவை எடுத்தால் கதை வேறு. அந்த 20-லும் 10-லும் கட்டணம் 5 என்று வைத்து, அதை நீக்கிப் பாருங்கள். 15, 5 என்று ஆகிறது. கோடு 2 வருடம் 8 மாதத்துக்குப் போகும், நீளம் கூடியதுதான், ஆனால் 100 வகையின் மொத்தச் செலவு 20-இலிருந்து சுமார் 13-க்கு இறங்கிவிடும். செலவு விகிதம் இரண்டுக்கு ஒன்றாக இருந்தது, மூன்றுக்கு ஒன்றாகிவிட்டதே காரணம். கட்டணம் ஆளைப் பிரிப்பதில்லை, பிரிக்கிற வேலையைக் கலக்கிவிடுகிறது.

பாதியில்விட்டவன்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். கட்டணம் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பட்டப்படிப்பைப் பாதியில் விட்டவன் நான், மண்டையில் ஏறாமல் இல்லை, பணம் கட்ட முடியாமல். அப்புறம் ஒரு நிறுவனத்தில் ஒப்பந்த ஆளாக இருந்து, பட்டம் பெற்றவர்கள் செய்த அதே வேலையைச் செய்தேன், அவர்களில் சிலருக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான். நிரந்தர இடம் வந்தபோது என் விண்ணப்பம் முதல் வடிகட்டலிலேயே போய்விட்டது. உங்கள் கணக்கில் நான் 60. சரிதானா?

ஓரச்செலவு

உங்களை 60 என்று கணக்கு சொல்லவில்லை, 60 என்று எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்கிறது. இரண்டும் ஒன்றாக இருப்பது, படிப்புச் செலவு திறனை மட்டும் சார்ந்திருக்கும்வரை. உங்கள் விஷயத்தில் அது இல்லை. திறன் 100, ஆனால் பண நெருக்கடியால் வருடத்துக்கு 25 செலவு என்று வைத்தால், இரண்டு வருடம் போக 50 மிஞ்சும், சும்மா இருந்தால் 60. வெளியே நிற்பதுதான் நியாயமான முடிவு. எதிர்ப்பக்கம் திறன் 60, ஆனால் வசதியான வீடு, தனிப்பயிற்சி எல்லாம் சேர்ந்து வருடத்துக்கு 15தான் செலவு என்கிற ஆள். இரண்டு வருடம் போக 70, தாராளமாக உள்ளே வருவார். இப்போது பட்டம் உள்ள கூட்டத்தின் சராசரி 100-க்குக் கீழே, இல்லாத கூட்டத்தின் சராசரி 60-க்கு மேலே. சம்பள இடைவெளி சுருங்கும், ஆனால் நீங்கள் உங்கள் கூட்டத்தின் சராசரியைத்தான் வாங்குவீர்கள்.

உள்ளே வந்த அவரை விலக்க நிறுவனம் கோட்டை ஏற்றினாலும் உங்களைப் போன்றவர்தான் இன்னும் தூரம் தள்ளப்படுவார்.

நேர்முகம்

இது உண்மை. வடிகட்டலில் போனவர்களில் எத்தனை பேர் நல்லவர்கள் என்பது எங்களுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை, அவர்கள் வேலை செய்து நாங்கள் பார்ப்பதில்லையே. எடுத்தவர்களில் மோசமானவர் மட்டும் கண்ணில் படுவார், உடனே தகுதியை ஏற்று என்பார்கள்.

பாதியில்விட்டவன்

என்னைப் பார்த்தார்கள். ஒப்பந்தத்தில் இருந்தபோது தினமும் பார்த்தார்கள். பிறகும் வடிகட்டினார்கள். அதற்கு உங்கள் மாதிரியில் இடம் இருக்கிறதா?

ஓரச்செலவு

இல்லை. உங்கள் திறன் தெரிந்த பிறகு பட்டம் கேட்பது சிக்னல் இல்லை, வெறும் அலுவலக விதி. வடிகட்டியவரும் உங்கள் வேலையைப் பார்த்தவரும் வேறு ஆட்களாக இருந்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம், அதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது.

கரும்பலகை

எல்லாம் சரி, இது உண்மையா என்று யாராவது அளந்தார்களா? கணக்கில் எதை வேண்டுமானாலும் நிறுவலாம்.

ஓரச்செலவு

அளந்தார்கள், முடிவுகள்தான் ஒத்துப்போகவில்லை. அமெரிக்காவில் பள்ளியைப் பாதியில் விட்டவர்கள் பிறகு எழுதும் சமானத் தேர்வு ஒன்று உண்டு. தேர்வு ஒன்றுதான், தேறுவதற்கான மதிப்பெண் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் வேறாக இருந்தது. ஆக, ஒரே மதிப்பெண் எடுத்தவருக்கு ஓரிடத்தில் சான்றிதழ் உண்டு, இன்னோரிடத்தில் இல்லை. டைலர், மர்னேன், வில்லெட் மூவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், விளிம்பில் இருந்த வெள்ளை இளைஞர்களுக்குச் சான்றிதழால் வருமானம் கணிசமாகக் கூடியது தெரிந்தது, சிறுபான்மையினருக்கு அப்படித் தெரியவில்லை. 2014-இல் கிளார்க், மார்ட்டோரெல் இருவரும் பள்ளி இறுதிச் சான்றிதழைப் பார்த்தார்கள். கடைசி வாய்ப்பில் மயிரிழையில் தேறியவரையும் மயிரிழையில் தவறியவரையும் ஒப்பிட்டதில் வருமான வித்தியாசம் அநேகமாக இல்லை. இரண்டுமே கவனமான வேலை. இரண்டும் பள்ளி மட்டத்துச் சான்றிதழ் என்பதால் பட்டத்துக்கு அப்படியே பொருத்துவது ஆபத்து.

அப்புறம் நேர்முகம் சொன்ன ஆறு மாதம். லாங்கே 2007-இல் செய்த மதிப்பீட்டில், ஒருவரைப் பற்றி நிறுவனம் தொடக்கத்தில் செய்யும் கணிப்புப் பிழை மூன்று வருடத்தில் பாதியாகிவிடுகிறது. ஆறு மாதம் அளவுக்கு வேகமில்லை, ஆனால் ஒரு ஆயுள் வேலையோடு ஒப்பிட்டால் வேகம்தான்.

தேர்வுக்காய்ச்சல்

அப்படியானால் அந்த 40 அடிபடுகிறதே? அது முழு ஆயுளுக்கும் உள்ள வித்தியாசம். நிறுவனத்துக்குச் சில வருடத்தில் தெரிந்துவிட்டால், ஏமாற்றிப் போகிற 60 வகை ஆளுக்குக் கிடைப்பது அந்தச் சில வருட லாபம் மட்டும். அதை 12 என்று வைத்தால், வருடத்துக்கு 20 வீதம் அவரை விலக்க 0.6 வருடம், அதாவது ஏழு மாதப் படிப்பே போதும்.

ஓரச்செலவு

கணக்கு சரி. உலகத்தில் ஏழு மாதப் படிப்பு இல்லாமல் மூன்று, நான்கு வருடப் பட்டங்கள் ஏன் நிற்கின்றன என்பதற்குச் சிக்னல் ஆட்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

கரும்பலகை

கற்றுக்கொள்ள அவ்வளவு நாள் ஆகும், அதனால்தான்.

நேர்முகம்

தெரிந்த பிறகும் ஆளை வெளியே அனுப்புவது லேசில்லை, சம்பளத்தைக் குறைப்பதும் லேசில்லை. எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது என்பது வேறு, அதற்கேற்ப மாற்றுகிறோம் என்பது வேறு. அந்த 12 என்கிற எண்ணை நீங்கள் அவ்வளவு சின்னதாக வைத்திருக்கக் கூடாது.

தேர்வுக்காய்ச்சல்

25 என்று வைத்தால் ஒன்றே கால் வருடம். அப்படியும் மூன்று வருடத்தை எட்டவில்லை. யாராவது இந்த இடைவெளியை நிரப்பும் வழி தெரிந்தால் எழுதுங்கள், நான் 15, 5 கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கப் போகிறேன்.